நாலு நாள் லீவுக்கு எவ்வளவு பிடிக்கலாம்?

2025 மார்ச் முதல் வாரம். எங்கள் தெருவில் குடியிருக்கும் ஒரு பெண் சம்பளச் சீட்டோடு வீட்டுக்கு வந்தார். திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் அலுவலகத்தில் வேலை. மாதச் சம்பளம் 24,000 ரூபாய். பிப்ரவரி 14, வெள்ளிக்கிழமை காய்ச்சலில் படுத்தவர் 19, புதன்கிழமைதான் வேலைக்குத் திரும்பினார். கைவசம் விடுப்பு எதுவும் மீதமில்லை. இ.எஸ்.ஐ. வரம்பான 21,000 ரூபாயைச் சம்பளம் தாண்டிவிட்டதால் அங்கிருந்து நோய்க்கால உதவித்தொகையும் வராது. ஆகவே லாஸ் ஆஃப் பே, அதாவது சம்பளப் பிடித்தம்.

"ஏனுங்கண்ணா, நான் வராதது நாலு நாளுதானுங்க. வெள்ளி, சனி, திங்கள், செவ்வாய். நாளுக்கு எண்ணூறுன்னு போட்டாலும் மூவாயிரத்து எரநூறுதானுங்களே புடிக்கோணும்? ஐயாயிரம் புடிச்சிருக்காங்க" என்றார்.

சீட்டை வாங்கிப் பார்த்தேன். பிடித்த நாட்கள் 5, பிடித்த தொகை 5,000. நான் பல வருடம் சம்பளக் கணக்கு போட்டவன். அந்த இரண்டு எண்களைப் பார்த்ததும் தவறு எங்கே என்று தெரிந்துவிட்டது. அந்தப் பெண் மனக்கணக்காகச் சம்பளத்தை 30-ஆல் வகுத்திருந்தார். அலுவலகம் 24-ஆல் வகுத்திருந்தது. வகுத்ததோடு நிற்காமல், இடையில் வந்த ஞாயிற்றுக்கிழமையையும் விடுப்பில் சேர்த்திருந்தது.

மாதச் சம்பளக்காரர் பலருக்கும் தம்முடைய ஒருநாள் சம்பளம் எவ்வளவு என்று தெரியாது. சம்பளம் மாதத்துக்கு என்றுதான் பேசப்படுகிறது. ஒரு நாள் வராமல் போகும்போதுதான் அந்த மாதத்தை நாட்களாக உடைக்க வேண்டி வருகிறது. உடைப்பதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் இருப்பதால் ஒரே சம்பளத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விடைகளும் கிடைக்கின்றன.

நான்கு வகுஎண்கள்

2025 பிப்ரவரியையே எடுத்துக்கொள்வோம். மொத்தம் 28 நாட்கள். ஞாயிறு 2, 9, 16, 23 தேதிகளில் வந்தது. 11-ஆம் தேதி தைப்பூசம். அரசு அலுவலகங்களுக்கு விடுமுறை, அந்த நிறுவனத்தில் வேலை நாள். ஆக வேலை நாட்கள் 24.

24,000 ரூபாயை மாதத்தின் மொத்த நாட்களான 28-ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 857 ரூபாய் வரும். எல்லா மாதத்துக்கும் 30 என்று வைத்துக்கொள்ளும் இடத்தில் 800. எல்லா மாதத்துக்கும் 26 வேலை நாட்கள் என்று வைத்துக்கொள்ளும் இடத்தில் 923. அந்த மாதத்தின் உண்மையான வேலை நாட்களான 24-ஆல் வகுத்தால் 1,000.

அதே சம்பளத்துக்கு அதே ஆண்டு ஜூலையில் பாருங்கள். மொத்தம் 31 நாட்கள், நான்கு ஞாயிறு, வேலை நாட்கள் 27. மொத்த நாட்களால் வகுத்தால் 774 ரூபாய், வேலை நாட்களால் வகுத்தால் 889. முப்பதும் இருபத்தாறும் மட்டும் பழைய 800-லும் 923-லும் அப்படியே நிற்கும்.

இவற்றில் எது சரி என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு. மொத்த நாட்களால் வகுப்பதில் மாதம் முழுவதும் கணக்கில் வந்துவிடுகிறது, மிச்சம் விழுவதில்லை. கணினியில் சம்பளம் போடும் நிறுவனங்கள் பலவும் இதைத்தான் வைத்திருக்கின்றன. முப்பதில், எந்த மாதம் லீவு போட்டாலும் ஒருநாள் பிடித்தம் ஒன்றே. தொழிலாளி விரல்விட்டு எண்ணிச் சரிபார்க்கலாம். வேலை நாட்களால் வகுக்கும்போது, உழைத்த நாளுக்குத்தான் கூலி என்ற நியாயம் நேராகத் தெரிகிறது.

இருபத்தாறுக்குத் தனிக் கதை இருக்கிறது. அது பணிக்கொடைச் சட்டத்தில் வேரூன்றிய எண். ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் பணிக்கொடை என்று 1972-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. அந்த 15 நாள் சம்பளத்தை எப்படிக் கணக்கிடுவது என்று வழக்குகள் எழுந்தன. மாதத்தில் நான்கு ஞாயிறு போக வேலை நாட்கள் 26, எனவே 26-ஆல்தான் வகுக்க வேண்டும் என்ற கணக்கை 1980-இல் திக்விஜய் வுல்லன் மில்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. பின்னர் 1987-இல் வந்த திருத்தம் அதைச் சட்டத்திலேயே எழுதிவிட்டது. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 24,000 வாங்குபவருக்கு 30-ஆல் வகுத்தால் ஓர் ஆண்டுப் பணிக்கொடை 12,000 ரூபாய்தான். 26-ஆல் வகுப்பதால் 13,846 ரூபாய். தொழிலாளிக்குக் கூடுதலாகக் கிடைக்கட்டும் என்று பிறந்த எண் அது. அதே எண்ணைப் பிடித்தத்துக்குக் கொண்டுவந்தால் நாளுக்கு 800-க்குப் பதில் 923 பிடிபடும். கொடுக்கும் இடத்தில் உதவுகிற எண், எடுக்கும் இடத்தில் வெட்டுகிறது.

சட்டம் சொல்வது பின்னத்தை

30-ஆல் வகு, 26-ஆல் வகு என்று பிடித்தத்துக்குச் சட்டம் எந்த எண்ணையும் சொல்லவில்லை. அது ஓர் உச்சவரம்பைச் சொல்கிறது. 1936-ஆம் ஆண்டு ஊதியம் வழங்கல் சட்டத்தின் 9-ஆவது பிரிவில் இருந்தது அது. மாதச் சம்பளம் 24,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தியது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு ஊதியச் சட்டத்தொகுப்பு இதே விதியை 20-ஆவது பிரிவில் வைத்திருக்கிறது. சம்பள வரம்பு இல்லாமல் எல்லா ஊழியர்களையும் அதற்குள் கொண்டுவந்துவிட்டது.

எளிய தமிழில் அந்த விதி இதுதான்: ஒருவர் வேலை ஒப்பந்தப்படி அந்த மாதத்தில் எவ்வளவு காலம் வேலை செய்ய வேண்டியவரோ, அதில் எத்தனை பங்கு வரவில்லையோ, சம்பளத்திலும் அத்தனை பங்குக்கு மேல் பிடிக்கக் கூடாது.

அந்தப் பெண்ணுக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். பிப்ரவரியில் அவர் வேலை செய்ய வேண்டிய நாட்கள் 24. வராதது 4. நான்கின் கீழ் இருபத்துநான்கு, அதாவது ஆறில் ஒரு பங்கு. 24,000-இல் ஆறில் ஒரு பங்கு 4,000 ரூபாய். அதற்கு மேல் ஒரு ரூபாய் பிடித்தாலும் அது விதியை மீறியது. பிடிக்கப்பட்டதோ 5,000.

"அப்ப நான் போட்ட மூவாயிரத்து எரநூறு?" என்று கேட்டார்.

"அது முப்பது நாள் கணக்கும்மா. உங்க கம்பெனி அந்தக் கணக்கு வெச்சிருந்தா அதுவும் சரிதான், வரம்புக்குக் கீழேதான் இருக்கு. ஆனா அவங்க வேலை நாள் கணக்கு வெச்சிருக்காங்க. அப்படின்னா நாலாயிரம். அஞ்சாயிரம் எந்தக் கணக்குலயும் வராது" என்றேன்.

ஏன் எந்தக் கணக்கிலும் வராது? வகுஎண்ணை 24 என்று எடுத்தபோது ஞாயிறுகளை அவர்கள் கழித்துவிட்டார்கள். ஞாயிறுக்குத் தனியாகச் சம்பளம் இல்லை, அதன் பங்கும் வேலை நாட்களின் கூலிக்குள்ளேயே அடங்கியிருக்கிறது என்பதுதான் அதன் பொருள். அதனால்தான் நாள்கூலி 1,000 என்று உயர்ந்தது. கீழே கழித்த ஞாயிறை மேலே விடுப்பு நாளாக எண்ணும்போது அதே ஞாயிறுக்கு இரண்டு முறை பணம் பிடிபடுகிறது. பின்னத்தின் கீழே எந்த வகை நாளை எண்ணுகிறோமோ, மேலேயும் அந்த வகை நாளைத்தான் எண்ண வேண்டும். நான் பார்த்த பிடித்தத் தகராறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு வரியை மறந்ததால் வந்தவை.

இடையில் சிக்கிய ஞாயிறு

மொத்த நாட்களால் வகுக்கும் இடத்தில் ஞாயிறையும் பிடித்தத்தில் சேர்க்கலாமா? இதற்கு விடை சற்று நுணுக்கமானது. 28-ஆல் வகுத்தால் நான்கு ஞாயிறுகளும் கீழே இருக்கின்றன. ஒருவர் மாதம் முழுவதும் வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலை நாட்களை மட்டும் எண்ணி 24 நாட்களுக்குப் பிடித்தால், ஒரு நாள் கூட வராதவருக்கு நான்கு ஞாயிறுக்கான 3,429 ரூபாய் கொடுக்க வேண்டியிருக்கும். அது முறையல்ல என்று நிறுவனம் சொல்வதில் நியாயம் இருக்கிறது. முழு வாரம் வராதவரிடம் ஞாயிறும் சேர்த்து 7 நாள் பிடித்தால் 28-இல் 7, அதாவது கால் பங்கு. வேலை நாள் கணக்கில் பார்த்தாலும் 24-இல் 6, அதே கால் பங்குதான். இரண்டும் ஒன்றாக வந்துவிடுகின்றன.

சிக்கல் சிறு விடுப்பில்தான். சனிக்கிழமையும் திங்கட்கிழமையும் மட்டும் ஒருவர் வரவில்லை. இரண்டு பக்கமும் லீவு என்பதால் நடுவில் உள்ள ஞாயிறும் லீவு என்று எண்ணும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. சாண்ட்விச் லீவு என்பார்கள். பிப்ரவரிக் கணக்கில் 28-இல் 3 நாள் பிடித்தால் 2,571 ரூபாய். ஆனால் அவர் வேலை செய்ய வேண்டிய 24 நாளில் வராதது 2 நாள்தான். சட்டத்தின் பின்னப்படி 2,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. நம் தெருப் பெண்ணின் விடுப்பை மொத்த நாள் கணக்கில் ஞாயிறு சேர்த்துப் போட்டாலும் 4,286 ரூபாய் வரும். அதுவும் நாலாயிரத்தைத் தாண்டியதே.

எனவே மொத்த நாள் கணக்கு வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு நான் சொல்வது இதுதான்: வாரம் முழுவதும் வராதபோது அந்த வார ஞாயிறைச் சேருங்கள், சிறு விடுப்பில் ஞாயிறை விட்டுவிடுங்கள். கடைசியில் வேலை நாள் பின்னத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்து, அதைத் தாண்டினால் குறைத்துக்கொள்ளுங்கள்.

நிலையான 26-க்கும் இதே சோதனை தேவை. ஜூலையில் வேலை நாட்கள் 27. நான்கு நாள் வராதவரிடம் 26-இல் 4 என்று பிடித்தால் 3,692 ரூபாய். வரம்போ 27-இல் 4, அதாவது 3,556. வித்தியாசம் 136 ரூபாய். சிறு தொகைதான், ஆனால் ஞாயிறு நான்கு மட்டும் வரும் ஒவ்வொரு 31 நாள் மாதத்திலும், இடையில் வேறு விடுமுறை இல்லாவிட்டால், இப்படி விழும்.

முப்பது எங்கே சறுக்கும்?

ஓரிரு நாள் விடுப்புக்கு முப்பது நல்ல எண். விடுப்பு நீளும்போதுதான் சறுக்கும். ஜூலையில் ஒருவர் ஒரே ஒரு நாள் வந்தார், மீதி 30 நாட்கள் சம்பளமில்லா விடுப்பு. முப்பதில் முப்பது பிடித்தால் அவருக்குச் சம்பளம் பூஜ்யம். வேலை பார்த்த ஒரு நாளுக்குக் கூலி இல்லை. பிப்ரவரியில் இது தலைகீழாகும். மாதம் முழுவதும் வராதவருக்கு 28 நாள் பிடித்த பிறகும் இரண்டு நாள் சம்பளமாக 1,600 ரூபாய் மிஞ்சும்.

புதிதாகச் சேர்பவர், விலகுபவர் கணக்கிலும் இதே கோளாறு வரும். மார்ச் 15 வரை ஒருவர் வேலை பார்த்து விலகினார். 16-ஆம் தேதி அதே இடத்துக்கு அதே சம்பளத்தில் இன்னொருவர் வந்தார். முதலாமவருக்கு 15 நாள், அடுத்தவருக்கு 16 நாள். இரண்டையும் 30-ஆல் வகுத்துக் கொடுத்தால் ஒரு நாற்காலிக்கு ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேலே போய்விடும். 31-ஆல் வகுத்தால் சரியாக ஒரு மாதச் சம்பளம் வரும்.

எந்த வகுஎண்ணையும் இரண்டு கேள்விகளால் சோதிக்கலாம். மாதம் முழுவதும் வராதவருக்குப் பூஜ்யம் வருகிறதா? ஒரே நாள் வந்தவருக்கு ஒருநாள் சம்பளம் வருகிறதா? அந்த மாதத்தின் மொத்த நாட்களும், அந்த மாதத்தின் உண்மையான வேலை நாட்களும் மேலும் கீழும் ஒரே வகையாக எண்ணப்பட்டால் இரண்டு கேள்வியிலும் தேறிவிடும். நிலையான 30-உம் 26-உம் தேறாது. அவற்றை வைத்திருக்கும் நிறுவனம், நீண்ட விடுப்புக்கும் சேரும் மாதத்துக்கும் விலகும் மாதத்துக்கும் மட்டும் மொத்த நாள் கணக்குக்கு மாறிக்கொள்ள வேண்டும். அந்த மாற்றத்தை முன்கூட்டியே எழுதியும் வைக்க வேண்டும்.

சீட்டில் எதைப் பார்க்க வேண்டும்?

சம்பளச் சீட்டில் மூன்று எண்களைத் தேடுங்கள். சம்பளம் கொடுத்த நாட்கள், பிடித்த நாட்கள், பிடித்த தொகை. பிடித்த தொகையைப் பிடித்த நாட்களால் வகுத்தால் உங்கள் நாள்கூலி கிடைக்கும். மாதச் சம்பளத்தை அந்த நாள்கூலியால் வகுத்தால் நிறுவனம் பயன்படுத்தும் வகுஎண் வெளியே வந்துவிடும். அந்தப் பெண்ணின் சீட்டில் 5,000-ஐ 5-ஆல் வகுத்தேன், 1,000. 24,000-ஐ 1,000-ஆல் வகுத்தேன், 24. யாரையும் கேட்காமலே விதி தெரிந்துவிட்டது.

அடுத்துப் பார்க்க வேண்டியது மாதம் மாறிய பிடித்தம். பல நிறுவனங்கள் 25-ஆம் தேதியோடு வருகைப் பதிவை மூடிவிடும். பிப்ரவரி 27 அன்று போட்ட லீவு மார்ச் சம்பளத்தில்தான் பிடிக்கப்படும். அப்போது எந்த மாதத்து நாட்களால் வகுப்பது? லீவு போட்ட மாதத்தின் நாட்களால்தான். மொத்த நாள் கணக்கில் அது 857 ரூபாய், 774 அல்ல. தவறாகப் பிடித்த பிப்ரவரி நாளை மார்ச்சில் திருப்பித் தரும்போதும் அதே 857-தான் தர வேண்டும். எந்த விலைக்கு எடுத்தார்களோ அந்த விலைக்கே திரும்ப வரவேண்டும்.

இன்னொன்று, மீதமுள்ள விடுப்பைப் பணமாக்கும்போது நிறுவனம் எதால் வகுக்கிறது என்று கவனியுங்கள். பிடிக்கும்போது 26, கொடுக்கும்போது 30 என்று வைத்திருக்கும் இடங்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரே ஆளின் ஒருநாள் உழைப்புக்கு எடுக்கும்போது 923 ரூபாய் விலை, கொடுக்கும்போது 800 ரூபாய் விலை. இதை எந்த நிர்வாகமும் நியாயப்படுத்த முடியாது.

பிடித்த நாட்களின் எண்ணிக்கை சம்பளத்தோடு நின்றுவிடுவதும் இல்லை. வருங்கால வைப்பு நிதிக்கு மாதந்தோறும் அனுப்பும் கணக்கில் சந்தா இல்லாத நாட்கள் என்று ஒரு கட்டம் உண்டு. என்.சி.பி. நாட்கள் என்பார்கள். நான்கு என்று இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து என்று போனால், ஓய்வூதியத்துக்கான பணிக்காலத்தில் அது கைவைக்கும். இ.எஸ்.ஐ.யில் இருப்பவர்களுக்கு நோய்க்கால உதவித்தொகை கிடைக்க, ஆறு மாதச் சந்தாக் காலத்தில் 78 நாட்களாவது சம்பள நாட்களாக இருக்க வேண்டும். அடிக்கடி விடுப்பில் இருப்பவருக்கு, கூடுதலாக எண்ணப்பட்ட ஒரு ஞாயிறு அந்த எல்லைக்குக் கீழே தள்ளிவிடக்கூடும்.

அந்தப் பெண்ணுக்கு ஒரு தாளில் மூன்று வரி எழுதிக் கொடுத்தேன். வேலை நாட்கள் 24, வராதது 4, பிடிக்க வேண்டியது 4,000. கணக்குப் பிரிவில் இருந்தவர் முதலில், "ஞாயித்துக்கெழமையும் சேரும்மா, எல்லாத்துக்கும் அப்படித்தான்" என்றாராம். "அப்படின்னா இருபத்தெட்டால வகுங்க சார், எதுக்கு இருபத்துநாலால வகுக்கறீங்க?" என்று இவர் கேட்டிருக்கிறார். அதற்குப் பதில் இல்லை. மார்ச் சம்பளத்தில் 1,000 ரூபாய் நிலுவையாகத் திரும்பி வந்தது.

வேலையில் சேரும்போது சம்பளம் எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள். ஒரு நாள் வராவிட்டால் எதால் வகுப்பீர்கள், ஞாயிறை எண்ணுவீர்களா என்று இரண்டையும் கேளுங்கள். பதிலைப் பணி நியமனக் கடிதத்தில் எழுதி வாங்குங்கள்.